“வாரம் ரூ.5,010 வரை”: கிடங்கு வேலைச் செய்தியில் இருக்கும் எண்களும் இல்லாத எண்களும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், செங்குன்றம், பெரியபாளையம் பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் நீளநீளமான தகரக் கூரைக் கிடங்குகள். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வைத்திருந்த நிறுவனங்கள் பலவும் அவற்றை மூடிவிட்டுப் பெரிய கிடங்குகளுக்கு மாறின. இணைய வழி விற்பனையும் சேர்ந்துகொண்டது. இந்தக் கிடங்குகளுக்கு எப்போதும் ஆள் தேவை. தீபாவளிக்கு முந்தைய தள்ளுபடி விற்பனைக் காலத்தில் இன்னும் அதிகம். அப்போதுதான் வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் சேர்ப்புச் செய்திகள் சுற்ற ஆரம்பிக்கும்.

அந்தச் செய்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். இந்தக் கட்டுரைக்காக அந்த அச்சிலேயே அமைத்த மாதிரி ஒன்று:

> கிடங்கு வேலை, உடனடி சேர்க்கை! பேக்கர் / லோடர் தேவை. வயது 18–35. பேக்கர் 15 கிலோ வரை, லோடர் 30 கிலோ வரை தூக்க வேண்டும். ஷிப்ட்: காலை 8 – இரவு 8 / இரவு 8 – காலை 8. நாள் சம்பளம் ரூ.560. ஓ.டி. தினம் 3 மணி நேரம், மணிக்கு ரூ.75. ஆறு நாளும் வந்தால் ரூ.300 வருகை போனஸ். வாரம் ரூ.5,010 வரை! சனிக்கிழமை சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. ரூம் வசதி உண்டு.

படித்ததும் கண்ணில் நிற்பது 5,010 என்ற எண்தான். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து மட்டும் வேலையை எடை போட முடியாது. எத்தனை மணி நேர உழைப்புக்கு அந்தப் பணம், ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிலோ, கையில் எவ்வளவு வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் செய்தியில் நேரடியான பதில் இல்லை. இருக்கும் எண்களிலிருந்து சிலவற்றைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். மற்றதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

## பேக்கர் என்ன செய்கிறார், லோடர் என்ன செய்கிறார்

பேக்கர் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பவர். வரும் பொருளை ஸ்கேன் செய்து, சரியான அளவு அட்டைப்பெட்டியை மடித்து, பொருளை வைத்து, குமிழ் ஷீட் சுற்றி, டேப் ஒட்டி, லேபிள் ஒட்டி கன்வேயரில் தள்ளிவிட வேண்டும். எடை குறைவு, ஆனால் ஒரே அசைவு நாள் முழுக்க. மணிக்கு இத்தனை பெட்டி என்ற இலக்கு ஸ்கேனரில் பதிவாகிக்கொண்டே இருக்கும். பேக்கரின் வலி முதலில் மணிக்கட்டிலும் கால்களிலும்தான் தெரியும். உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பதற்காகவே தமிழ்நாடு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும் உரிமை அதில் இருக்கிறது.

லோடர் லாரி அல்லது கண்டெய்னருக்கும் கிடங்குத் தரைக்கும் நடுவில் வேலை செய்பவர். சரக்கு மரப் பேலட்டில் அடுக்கி வந்தால் கைத் தள்ளு டிராலியால் இழுத்து வந்துவிடலாம். பேலட் இல்லாமல் தரையிலிருந்து கூரை வரை பெட்டிகளாகவே அடுக்கி வந்தால் ஒவ்வொன்றையும் கையால்தான் இறக்க வேண்டும். மேல் வரிசை தலைக்கு மேலே, அடி வரிசை கணுக்கால் உயரத்தில். வெயிலில் நின்ற கண்டெய்னருக்குள் காற்றும் இருக்காது. “லோடர்” என்ற ஒரே சொல் இந்த இரண்டு வேலைக்கும் போகிறது. இரண்டுக்கும் உடம்பு கொடுக்கும் விலை வேறு வேறு.

## “30 கிலோ வரை” என்பது ஏன் பாதிக் கணக்கு

எடை பற்றி வெளியில் புழங்கும் அளவுகள் பல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் அதிகபட்ச எடை குறித்து 127-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை 2010-ல் ஏற்றது. அதோடு வந்த பரிந்துரை, வயது வந்த ஆண் தொழிலாளி கையால் தூக்கும் ஒற்றைச் சுமைக்கு 55 கிலோவை உச்சமாகச் சொல்கிறது. இதைப் பார்த்துவிட்டு “30 கிலோதானே” என்று நினைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. 55 கிலோ என்பது ஒரு சுமைக்கான உச்சம். நாள் முழுக்கத் தூக்குவதற்கான அளவு அல்ல.

நாள் முழுக்கத் தூக்குவதைக் கணக்கிட அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-ல் ஒரு சூத்திரத்தைத் திருத்தி அமைத்தது. இந்தியாவில் அது சட்டமில்லை. ஆனால் எது எவ்வளவு முதுகைப் பாதிக்கும் என்று புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான கருவி கிடைப்பது கஷ்டம். அது 23 கிலோவில் தொடங்குகிறது: பெட்டி உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், எப்போதாவது ஒரு முறை தூக்கினால் 23 கிலோ. அதன் பிறகு ஒவ்வொரு சிரமத்துக்கும் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே போகிறது.

நம் லோடரின் நிலையை அதில் போட்டுப் பார்ப்போம்.

1. பெட்டி அகலமானது; அவர் கைகள் உடம்பிலிருந்து 40 செ.மீ. முன்னால் இருக்கின்றன. 23 கிலோ சுமார் 14 கிலோவாகக் குறைகிறது.

2. பெட்டி அடி வரிசையில், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் பிடிக்க வேண்டும். அளவு சுமார் 12 கிலோ.

3. மணிக்கு 180 பெட்டி, அதாவது நிமிடத்துக்கு மூன்று, நாள் முழுக்க. அளவு சுமார் 6.5 கிலோ.

உடம்பைத் திருப்பித் தூக்குவது, பிடிப்பதற்கு இடமில்லாத வழுக்கும் பெட்டி, தூக்கிப்போகும் உயரம் ஆகியவற்றை இன்னும் சேர்க்கவில்லை. அந்தச் சூத்திரத்தின் அட்டவணை 8 மணி நேர வேலையோடு நின்றுவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மாதிரிச் செய்தியில் இருப்பதோ 12 மணி நேர ஷிப்ட்.

மூன்றாவது படியைப் பாருங்கள். பெட்டியின் எடை மாறவில்லை, வேகம் மட்டும்தான் சேர்ந்தது. அளவு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. செய்தியில் வேகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சராசரிப் பெட்டி 12 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 180 வீதம் 10 மணி நேரம் இறக்கினால் 1,800 பெட்டி, 21,600 கிலோ. ஒரு ஆளின் கை வழியாக ஒரே நாளில் இருபத்தொன்றரை டன்னுக்கு மேல் போகிறது. “30 கிலோ வரை” என்ற வரி இதை எங்கேயும் சொல்லவில்லை.

ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை: சரக்கு பேலட்டில் வருமா, தனிப் பெட்டிகளாக வருமா? ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? ஒரு ஷிப்டில் எத்தனை வண்டி? பழைய ஆட்கள் இதற்கு உடனே பதில் சொல்வார்கள். ஏஜென்ட் “அதெல்லாம் லைட் வெயிட்தான்” என்று மழுப்பினால், கிடங்கு வாசலில் ஷிப்ட் முடிந்து வருபவர்களிடம் கேட்பது நல்லது.

## 12 மணி நேர ஷிப்ட் சட்டமாகிவிட்டதா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு வெடித்ததால் சில நாளிலேயே நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நிறைவேறிய செய்தி பரவிய அளவுக்குத் திரும்பப் பெற்ற செய்தி பரவவில்லை. அப்புறம் 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. “புதுச் சட்டம் வந்துடுச்சு, 12 மணி நேரம் ஓகே” என்று சூப்பர்வைசர்கள் சொல்வது இந்த இரண்டையும் கலந்துதான்.

உண்மை இதுதான். புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் நாளுக்கு 8 மணி நேரம் என்றே சொல்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின்படி வணிக நிறுவனங்களில் நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம்; ஓ.டி. சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேர இடைவேளை கொடுக்க வேண்டும்.

மாதிரிச் செய்தியில் ஷிப்ட் 12 மணி நேரம். இடைவேளை ஒரு மணி போக வேலை 11 மணி. ஆறு நாளில் 66. நாள் வரம்பையும் வாரத்தின் 54-ஐயும் அது தாண்டிவிட்டது. ஓ.டி. “விருப்பப்பட்டால்” என்று இல்லாமல் ஷிப்டுக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிகிறது. 8 மணி நேரம் மட்டும் வேலை செய்கிறேன் என்றால் அந்தச் செய்தியில் இடமே இல்லை.

## ஓ.டி. ரூ.75: கூடுதல் மாதிரி தெரியும் குறைவு

இந்தச் செய்திகளில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. அதனால் பொறுமையாகக் கணக்குப் போடுவோம்.

1. நாள் சம்பளம் ரூ.560, 8 மணி நேரத்துக்கு. மணிக்கு ரூ.70.

2. ஓ.டி. மணிக்கு ரூ.75. ரூ.70-ஐ விட ரூ.5 அதிகம். கூடுதலாகத் தருவது போலத்தான் தோன்றும்.

3. சட்டப்படி ஓ.டி. விகிதம் சாதாரண விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு. அதாவது மணிக்கு ரூ.140.

4. தினம் 3 மணி ஓ.டி.க்குச் செய்தி தருவது ரூ.225. வர வேண்டியது ரூ.420. நாளுக்குக் குறைவு ரூ.195.

5. ஆறு நாளில் குறைவு ரூ.1,170. நான்கு வாரத்தில் ரூ.4,680.

போனஸ் இல்லாமல் இந்தச் செய்தி தரும் வாரச் சம்பளம் ரூ.4,710. ஆக, நான்கு வாரம் வேலை செய்தால் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளம் தொழிலாளியின் கைக்கு வராமலேயே போகிறது. இது சின்னத் தொகை இல்லை. ஊரை விட்டு வந்து தகரக் கொட்டகை அறையில் தங்கி உழைப்பவருக்கு அது வீட்டுக்கு அனுப்பும் பணம்.

“இது கிடங்கு, ஃபேக்டரி இல்லை, இரட்டை ஓ.டி. எல்லாம் ஃபேக்டரிக்குத்தான்” என்று சொல்வதுண்டு. அது தவறு. 2025 நவம்பர் வரை இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் இரண்டு மடங்காகத்தான் இருந்தது, தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்திலும் இரண்டு மடங்குதான், 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்றுதான் இருக்கிறது. எந்தச் சட்டத்துக்குள் அந்தக் கிடங்கு வருகிறது என்று வாதாடலாம், விகிதம் மாறாது. நேர வரம்பை மீறி வேலை வாங்கியிருந்தாலும் அந்த மணிகளுக்கும் இரட்டை விகிதம் கொடுத்தே ஆக வேண்டும். வரம்பை மீறியது முதலாளி; அதற்காகத் தொழிலாளியின் கூலி குறையாது.

## “வரை” என்ற சொல்லுக்குள் இருப்பது

ரூ.5,010 எப்படி வந்தது? நாளுக்கு 560 + 225 = 785. ஆறு நாளுக்கு 4,710. அதோடு 300 போனஸ். அதாவது ஆறு நாளும் வந்து, ஆறு நாளும் முழு ஓ.டி. செய்தால் மட்டுமே இந்தத் தொகை.

ஒரு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? ஐந்து நாளுக்கு ரூ.3,925. போனஸ் இல்லை. ஒரு நாள் விடுப்புக்குப் போனது ரூ.560 இல்லை, ரூ.1,085. வருகை போனஸ் இப்படித்தான் வேலை செய்கிறது: பரிசு மாதிரி இருக்கும், ஆனால் முதுகு பிடித்துக்கொண்ட நாளிலும் ஆளை வேலைக்கு இழுத்து வரும். சுமை தூக்கும் வேலையில் இது உடம்புக்கு ஆபத்தான ஏற்பாடு. சின்ன வலி ஓய்வில் சரியாகிவிடும்; அதன் மேலேயே 1,800 பெட்டி இறக்கினால் சரியாகாது.

அடுத்தது பிடித்தம். நாள் சம்பளத்தின் மீது பி.எஃப். 12 சதவீதம்: 3,360-க்கு ரூ.403. ஓ.டி.யையும் சேர்த்து மொத்தத்தின் மீது இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் பிடிப்பதாக வைத்துக்கொண்டால் சுமார் ரூ.38. கையில் வருவது சுமார் ரூ.4,569. இந்தப் பிடித்தம் நியாயமானது. பி.எஃப். பணம் தொழிலாளியின் கணக்கில் சேரும். கால் நசுங்கினால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு உதவித் தொகையும் கிடைக்கும்.

நியாயமில்லாதது வேறு. சில கான்ட்ராக்டர்கள் முதலாளி கட்ட வேண்டிய பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். நம் கணக்கில் அது வாரத்துக்கு இன்னும் ரூ.566. சட்டம் அதை அனுமதிக்கவில்லை. வாரத்துக்கு ரூ.440 அளவில் பிடித்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரம் ரூபாய் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பாதுகாப்பு ஷூ, கையுறை, மருத்துவப் பரிசோதனை என்று பணம் பிடிப்பதும் கூடாது; பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று புதிய சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. ரூம் வாடகை, சாப்பாட்டுக் காசு எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

## சனிக்கிழமை சம்பளம், எந்த வாரத்துக்கு?

“முதல் வாரம் ஹோல்டு” என்று ஒரு பழக்கம் இருக்கிறது. முதல் வாரச் சம்பளத்தை நிறுத்தி வைத்து, இரண்டாவது சனிக்கிழமை முதல் வாரத்துக்குக் கொடுப்பார்கள். இப்படியே ஒரு வாரக் கூலி எப்போதும் கான்ட்ராக்டர் கையில் இருக்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தப் பணம் வராது என்பது எழுதாத விதி.

ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வாரச் சம்பளத்தை அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலேயே, வார விடுமுறைக்கு முன் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு நின்றாலும், அவர்களே நிறுத்தினாலும், இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் தீர்க்க வேண்டும். “ஹோல்டு” என்ற ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.

இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு. செய்தியை அனுப்பியவர் ஏஜென்ட். சம்பளம் தருபவர் கான்ட்ராக்டர். வேலை நடப்பது வேறொரு நிறுவனத்தின் கிடங்கில். பணம் வராவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். சட்டப்படி கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் அதைக் கொடுக்க வேண்டும். அப்புறம் கான்ட்ராக்டரிடம் அது வசூலித்துக்கொள்ளலாம். அதனால் கான்ட்ராக்டர் பெயர், கிடங்கு யாருடையது என்ற இரண்டையும் முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம். நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது கட்டாயம் என்பதால் அதைக் கேட்டு வாங்கலாம்.

## குறைந்தால் எதைக் காட்டுவது

சம்பளக் குறைவுக்கு மூன்று ஆண்டுக்குள் உரிமைகோரல் மனு கொடுக்கலாம். சம்பளத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால் எத்தனை மணி நேரம் வேலை செய்தோம் என்பதில்தான் வழக்கமாகத் தகராறு வரும். பதிவேட்டில் 8 மணி நேரம் மட்டும் எழுதி, ஓ.டி. தனியாகக் கையில் கொடுத்திருப்பார்கள். அப்போது உதவுபவை இவை:

1. வேலைக்கு அழைத்த அந்த வாட்ஸ்அப் செய்தியே. ஷிப்ட் நேரமும் ஓ.டி. விகிதமும் அதில் எழுத்தில் இருக்கின்றன. அனுப்பியவரின் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அனுப்பியவர் அழித்துவிட்டால் பிறகு கிடைக்காது.

2. உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். தினமும் போனில் இரண்டு வரி குறித்து வைத்தால் போதும். கம்பெனி பஸ் வரும் நேரத்தையும் சேர்த்துக் குறித்தால் பலம்.

3. வங்கிக் கணக்கில் வந்த தொகைகள், பே ஸ்லிப், பி.எஃப். கணக்கின் பதிவுகள். பிடித்த பி.எஃப். கட்டப்பட்டிருக்கிறதா என்பதை யூ.ஏ.என். எண்ணை வைத்து மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இவற்றோடு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். ஒரே ஷிப்டில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து போனால், “இவர் மட்டும்தான் அன்றைக்கு இருந்தார்” என்று கான்ட்ராக்டர் சொல்ல முடியாது. மனுவில் “சம்பளம் குறைவாகத் தருகிறார்கள்” என்று மட்டும் எழுதாமல், மேலே போட்ட கணக்கை அப்படியே எழுத வேண்டும்: நாள் சம்பளம் இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, ஓ.டி. மணிகள் இத்தனை, வர வேண்டியது இது, வந்தது இது.